புதுக் கூட்டாளி கணக்கு: அக்கா சொல்லும் டிப்ஸ்

கூட்டாளி சேர்ப்பு கணக்கைக் கையில் எடுத்ததும் நேரே மறுமதிப்பீட்டுக் கணக்குக்குப் போய்விடாதே, தங்கச்சி. முதலில் கேள்வியில் உள்ள விகிதங்களைத் தனியே எழுதிக்கொள். பழைய விகிதம், புதிய விகிதம், தியாக விகிதம் என்று மூன்று இருக்கிறது. எதை எங்கே போடுவது என்பதில்தான் பாதி அசைன்மென்ட் தப்பாகிறது.

பிரிப்பதற்கு ஒரே கேள்வி போதும்: இந்தத் தொகை யாருடைய காலத்தில் வந்தது? பொதுக்காப்பு, பகிர்ந்து தராத லாபம், நிலத்தின் மதிப்பு ஏறியதில் வந்த லாபம் எல்லாம் புதியவர் வருவதற்கு முன்பே சேர்ந்தவை. அதனால் பழைய கூட்டாளிகளுக்குப் பழைய விகிதத்தில் போகும். நற்பெயருக்காகப் புதியவர் தரும் பணம் அப்படியல்ல. இனி வரும் லாபத்தில் தன் பங்கை யார் விட்டுக்கொடுத்தாரோ, அவருக்கு ஈடாகத் தருவது அது. அதனால் அதைத் தியாக விகிதத்தில் பிரிக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அருள், பாபு இருவரும் 3:2 விகிதத்தில் லாபம் பகிர்கிறார்கள். சித்ரா சேர்கிறாள், புதிய விகிதம் 3:5:2. நற்பெயர் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 ஆண்டுகள் கொள்முதல். லாபங்கள் 40,000, 60,000, 40,000. கடைசி ஆண்டு லாபம் தீ விபத்தில் போன 10,000 ரூபாய் கழிக்கப்பட்ட பிறகு வந்தது. தீ விபத்து வருஷா வருஷம் வராது. அதனால் அந்த 10,000-ஐத் திரும்பக் கூட்டு, 50,000 ஆகிறது. கூட்டுத்தொகை 1,50,000, சராசரி 50,000, நற்பெயர் 1,00,000.

அடுத்து தியாகம். பழைய பங்கிலிருந்து புதிய பங்கைக் கழி. அருள்: 6/10 - 3/10 = 3/10 தியாகம். பாபு: 4/10 - 5/10 = -1/10. கழித்தல் குறியைப் பார்த்ததும் தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று அழிக்காதே. பாபு தியாகம் செய்யவில்லை, பங்கை ஏற்றிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். சரிபார்க்க வழி உண்டு: தியாகம் 3/10-லிருந்து ஆதாயம் 1/10-ஐக் கழித்தால் 2/10. சித்ராவின் பங்கும் அதுவே. இந்த இரண்டும் பொருந்தவில்லை என்றால் மேலே போகாதே.

இனிப் பதிவு. சித்ரா தன் பங்கு நற்பெயர் 20,000-ஐ ரொக்கமாகக் கொண்டுவருகிறாள். பாபுவும் தான் ஏற்றிக்கொண்ட 1/10 பங்குக்கு 10,000 ஈடு தர வேண்டும், அது அவருடைய முதல் கணக்கில் பற்று. ஆக மொத்தம் 30,000-மும் அருளின் முதல் கணக்கில் வரவு. பலர் செய்வது என்னவென்றால், 20,000-ஐ 3:2 என்று பிரித்து அருளுக்கு 12,000, பாபுவுக்கு 8,000 என்று வைத்துவிடுவார்கள். கொடுக்க வேண்டிய பாபு வாங்கிக்கொண்டு போகிறார்! இதில் மோசம் என்னவென்றால், இருப்புநிலைக் குறிப்பு அப்போதும் டேலி ஆகும். முதல்களின் மொத்தம் மாறாது, ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்குத் தொகை இடம்மாறியிருக்கும். டேலி ஆனதே என்று நம்பி உட்காராதே என்பதற்குத்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

புதிய விகிதம் கேள்வியில் இல்லாமல், சித்ராவுக்கு 1/5 பங்கு என்று மட்டும் இருந்தால், மீதி 4/5-ஐப் பழையவர்கள் 3:2 விகிதத்தில் பகிர்வதாக எடுத்துக்கொள். 12/25, 8/25, 5/25. அதாவது 12:8:5. அப்போது தியாக விகிதம் பழைய விகிதமேதான், தனியாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

பழைய இருப்புநிலைக் குறிப்பில் நற்பெயர் என்று 15,000 ஏற்கெனவே இருந்தால், முதலில் அதைப் போக்கெழுது: அருளுக்கு 9,000, பாபுவுக்கு 6,000 பற்று, பழைய விகிதத்தில். புது இருப்புநிலைக் குறிப்பில் 1,00,000 நற்பெயரைச் சொத்தாகக் காட்டிவிடாதே. பணம் கொடுத்து வாங்கிய நற்பெயரைத்தான் ஏட்டில் கொண்டுவரலாம் என்கிறது கணக்கியல் தரநிலை 26.

சித்ரா பணம் கொண்டுவரவில்லை என்றால் அந்த 20,000-ஐ அவள் பெயரில் பற்று வைக்க வேண்டும். சில புத்தகங்களில் முதல் கணக்கு, சிலவற்றில் நடப்புக் கணக்கு. உன் வகுப்பில் எது என்று மிஸ்ஸிடம் கேட்டுவிட்டு எழுது. தியாக விகிதம் கண்டுபிடித்த ஒர்க்கிங் நோட்டை விடைக்குக் கீழேயே சுத்தமாக எழுதிக் காட்டு, திருத்துகிறவர் முதலில் தேடுவது அதைத்தான்.