தேடும்போது கிடைக்க வேண்டும்
படப்பிடிப்புக்குப் பின் ஒளிப்பதிவுத் துண்டுகளுக்குக் குறிச்சொல் இடும் முறை

சில ஆண்டுகளுக்கு முன் நெடுந்தீவின் குடிநீர்ப் பிரச்சினை பற்றி ஒரு விவரணப் படம் எடுக்கச் சென்றோம். இரண்டு கமராக்களுடன் 7 நாட்கள் தங்கி, 212 துண்டுகளைப் பதிவு செய்தோம். மொத்தம் ஏறத்தாழ 9 மணித்தியாலங்கள். படம் 22 நிமிடங்களில் முடிந்தது. மீதியெல்லாம் ஒரு வன்தட்டில் உறங்கிப் போனது.

மறு ஆண்டு, நாம் பேட்டி கண்ட மூதாட்டி ஒருவர் காலமானார். 31ஆம் நாள் நினைவுக்கு அவருடைய மகள் எங்களிடம் ஒன்று கேட்டார்: “அண்டைக்குக் கிணத்தடியில அம்மா ஒரு தாலாட்டுப் பாடினவா. அதை மட்டும் எடுத்துத் தருவீங்களோ?” பாடியது எங்கள் எல்லோருக்கும் நினைவிருந்தது. எந்தத் துண்டில் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. இரண்டு இரவுகள் தேடினோம். அவருடைய நேர்காணல் 47 நிமிடம். அதை முழுவதும் கேட்டும் பாட்டு இல்லை. கடைசியில், கப்பியும் வாளியும் மட்டும் தெரியும் ஒரு துண்டில் அது கிடைத்தது. கமரா கிணற்றைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் அருகில் இருந்து பாடியிருக்கிறார். அத்துண்டுக்கு நாம் எழுதியிருந்தது “கிணறு” என்ற ஒரே சொல்.

இத்தவறிலிருந்து நாம் கற்றுக்கொண்ட முறையை இங்கு தருகிறோம். நாம் பயன்படுத்துவது டாவின்சி ரிசோல்வ் என்ற படத்தொகுப்பு மென்பொருள். அதன் இலவசப் பதிப்பே இவ்வேலைக்குப் போதும். வேறு மென்பொருள் வைத்திருப்போருக்கும் முறை இதுவே. பொத்தான்களின் பெயர்தான் மாறும்.

1. முதலில் கோப்புறை

பல கமராக்கள் நினைவக அட்டையை வெறுமையாக்கியதும் இலக்கத்தை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குகின்றன. எனவே முதல் நாளிலும் ஐந்தாம் நாளிலும் `C0003.MP4` என்ற ஒரே பெயரில் வெவ்வேறு காட்சிகள் இருக்கும். இரண்டையும் ஒரே கோப்புறையில் போட்டால் ஒன்று மற்றதை அழித்துவிடக்கூடும். அழியாவிட்டாலும், வன்தட்டை வேறு கணினியில் இணைக்கும்போது மென்பொருள் தவறான காட்சியைக் கொண்டுவந்து பொருத்தலாம்.

ஆகவே ஒவ்வொரு அட்டைக்கும் தனிக் கோப்புறை வேண்டும். நாம் `D03_A_02` என்று பெயரிடுகிறோம். மூன்றாம் நாள், A கமரா, இரண்டாம் அட்டை என்பது பொருள். உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயரை மாற்றுவதில்லை. சில கமராக்கள் ஒவ்வொரு காட்சியோடும் சிறு துணைக் கோப்பு ஒன்றை எழுதுகின்றன. பெயரை மாற்றினால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். குறிகட்டுவானில் வள்ளம் ஏறுமுன் இரண்டு கமராக்களின் திகதியையும் நேரத்தையும் ஒன்றாகச் சரிசெய்து கொள்ளுங்கள். பிற்பாடு இரண்டு கமராவின் காட்சிகளையும் அருகருகே வரிசைப்படுத்த அந்த நேரமே உதவும்.

2. சொற்பட்டியல்

குறிச்சொற்களை அவ்வப்போது மனதில் தோன்றியபடி எழுதக்கூடாது. புறப்படுமுன் ஒரு தாளில் பட்டியலிட வேண்டும். எமது பட்டியலில் இப்போது ஏறத்தாழ நாற்பது சொற்கள் உள்ளன. அவை ஐந்து கேள்விகளுக்கு விடை தருகின்றன.

எங்கே? நெடுந்தீவு, சாராப்பிட்டி, இறங்குதுறை, வள்ளம்.
எதைப் பார்க்கிறோம்? கிணறு, கல்வேலி, குதிரை, பனை, வலை.
யார்? முதியவர், பெண்கள், மாணவர், மீனவர்.
எதைக் கேட்கிறோம்? ஒலி-பேச்சு, ஒலி-பாட்டு, ஒலி-கடல், ஒலி-கெட்டது.
என்ன நிலை? நல்லது, அசைவு, முகம்-வேண்டாம்.

நான்காவது கேள்வியே நாம் முன்பு கேட்காதது. காட்சியைப் பார்த்து மட்டும் சொல் இட்டால் ஒலி தொலைந்துபோகும். மூதாட்டியின் பாட்டு தொலைந்தது அப்படித்தான். எனவே ஒவ்வொரு துண்டையும் ஒருமுறை படத்தைப் பாராமல், காதுப்பொறியில் கேட்டு அதன் ஒலிக்கும் ஒரு சொல் இடுகிறோம். இறங்குதுறைக் காற்றில் பேச்சு கேளாமற் போன துண்டுகளுக்கு ஒலி-கெட்டது என்று எழுதுகிறோம். அவற்றை அழிப்பதில்லை, படத்துக்கு மட்டும் அவை உதவும்.

தமிழில் எழுதுவோர் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, யூனிகோட் முறையிலேயே தட்டச்சு செய்யுங்கள். பாமினி எழுத்துருப் பழக்கத்தில் “கிணறு” என்று தட்டினால் மென்பொருளுக்குள் `fpzW` என்றே நிற்கும். இரண்டாவது, மென்பொருள் எழுத்துகளை ஒப்பிடுகிறதே அன்றிப் பொருளை அறியாது. “கிணறு” என்று தேடினால் “கிணறுகள்” கிடைக்கும். ஏனெனில் அச்சொல் முழுதாக அதனுள் இருக்கிறது. “கிணற்றடி” கிடைக்காது, அங்கே று போய் ற் வந்துவிட்டது. எனவே வேற்றுமை உருபோ பன்மையோ சேர்க்காமல், பட்டியலில் உள்ளபடி பெயர்ச்சொல்லை மட்டும் எழுத வேண்டும்.

3. சொல் இடும் வேலை

கோப்புறைகளை Media பக்கத்திலிருந்து Media Pool உள்ளே கொண்டுவாருங்கள். மேலே வலப்புறத்தில் Metadata என்பதை அழுத்தினால் ஒரு பலகம் திறக்கும். அதில் Shot & Scene என்ற பிரிவைத் தெரிவு செய்தால் Keywords என்ற கட்டமும் Comments என்ற கட்டமும் தெரியும். முதற் கட்டத்தில் பட்டியற் சொற்களை ஒவ்வொன்றாகத் தட்டி Enter அழுத்த வேண்டும். பட்டியலில் அடங்காத விபரங்களை இரண்டாம் கட்டத்தில் வசனமாக எழுதலாம். Roll/Card என்ற கட்டத்தில் கோப்புறையின் பெயரை எழுதுங்கள்.

எல்லாத் துண்டுக்கும் பொதுவான சொல்லை ஒரே தடவையில் இடலாம். ஓர் அட்டையின் துண்டுகள் அனைத்தையும் தெரிவு செய்து, நெடுந்தீவு என்று தட்டி, அக்கட்டத்துக்கு அருகேயுள்ள சிறு பெட்டியில் அடையாளம் இருப்பதைப் பார்த்து, Save அழுத்துங்கள். பொதுச் சொற்களை முதலிலும் தனிச் சொற்களைப் பிறகும் இடுவதே நல்லது. பல துண்டுகளை ஒன்றாகத் தெரிவு செய்து சேமிக்கும்போது, முன்பு தனித்தனியே எழுதியவை மாறிப்போகாதபடி இது காக்கும்.

மூதாட்டியின் அந்தத் துண்டுக்கு இன்று நாம் எழுதியிருப்பது இது:

```
Roll/Card: D03_A_02
Keywords: நெடுந்தீவு, சாராப்பிட்டி, கிணறு,
          முதியவர், ஒலி-பாட்டு, நல்லது
Comments: கப்பியும் வாளியும். அம்மா அருகில் இருந்து
          தாலாட்டு. ஆள் தெரியவில்லை.
```

இதை எழுத ஒரு நிமிடம் போதும். 9 மணித்தியாலப் பதிவு முழுவதையும் கேட்டு எழுத எமக்கு 14 மணித்தியாலங்கள் சென்றன. ஊர் திரும்பிய பிறகு ஒரேயடியாகச் செய்வதைவிட, அன்றன்று இரவே தங்குமிடத்தில் இரண்டு மணித்தியாலம் இருந்து செய்வது மேல். பேசியவர் யார், அவர் என்ன கேட்டுக்கொண்டார் என்பது அன்றிரவுதான் தெளிவாக நினைவிருக்கும்.

4. நீண்ட நேர்காணல்

47 நிமிடத் துண்டு ஒன்றுக்கு “கிணறு” என்று எழுதினால், 47 நிமிடத்தில் எங்கே என்ற கேள்வி அப்படியே நிற்கும். எனவே நீண்ட நேர்காணலைத் துணைத்துண்டுகளாகப் பிரிக்கிறோம். பேச்சின் பொருள் தொடங்கும் இடத்தில் `I` விசையையும் முடியும் இடத்தில் `O` விசையையும் அழுத்தி, பார்வைத் திரையின் கீழுள்ள பட்டையில் வலச்சொடுக்கி Make Subclip என்பதைத் தெரிவு செய்தால் அப்பகுதி தனித் துண்டாகச் சேரும். மூலக் கோப்பு வெட்டப்படுவதில்லை. தொடக்கத்துக்கு முன்னும் முடிவுக்குப் பின்னும் மூன்று விநாடி சேர்த்தே குறியுங்கள். இல்லாவிடின் பேச்சின் முதற்சொல் அறுந்துபோகும். எமது 47 நிமிடம் இப்படி 11 துணைத்துண்டுகள் ஆயிற்று. மழை பொய்த்த வருடங்கள், சாராப்பிட்டிக்கு நடந்த வழி, வாளிக்கு வந்த சண்டை என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சொற்கள் உண்டு.

5. தேடல்

Media Pool பகுதியின் கீழே Smart Bins என்ற இடத்தில் வலச்சொடுக்கினால் புதிய கூடை ஒன்றை உருவாக்கலாம். அதற்கு விதி எழுத வேண்டும்: Keywords என்பதில் கிணறு இருக்க வேண்டும், ஒலி-பாட்டு இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தே பொருந்த வேண்டும். 212 துண்டுகளில் இரண்டு மட்டும் கூடையில் விழுந்தன. பிறகு எழுதும் சொற்களுக்கும் கூடை தானாகவே நிறையும். “எல்லாம் பொருந்த வேண்டும்” என்பதற்குப் பதிலாக “ஏதாவது ஒன்று” என்று தவறுதலாக விட்டால் கூடையில் நூறு துண்டுகள் வந்து நிற்கும். அப்படி வந்தால் முதலில் விதியைப் பாருங்கள்.

சொல் இடாத துண்டு எந்தக் கூடையிலும் வராது. ஆகவே துண்டுகளைப் பட்டியல் வடிவில் வைத்து, Keywords நிரலின் தலைப்பை அழுத்தி வரிசைப்படுத்துங்கள். வெறுமையானவை ஒன்றாகச் சேர்ந்து தெரியும்.

6. கொடுத்த வாக்கு

மூன்று பெண்கள் தங்கள் கதையைச் சொன்னார்கள். ஆனால் முகத்தைக் காட்டக்கூடாது என்றார்கள். நாம் சம்மதித்தோம். அந்த வாக்கு படப்பிடிப்புக்குச் சென்றவர் மனதில் மட்டும் இருந்தால், அடுத்த வருடம் வரும் புதிய தொகுப்பாளருக்கு அது தெரியாது. முகம்-வேண்டாம் என்ற சொல் அதற்காகவே. படத்தை வெளியே கொடுக்குமுன் அச்சொல் உள்ள கூடையைத் திறந்து, அத்துண்டுகள் படத்தில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். துணைத்துண்டு பிரித்த பிறகு மூலத்துண்டில் எழுதிய சொல் துணைத்துண்டுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. எனவே இச்சொல்லை எல்லாவற்றுக்கும் முதலாக இடுங்கள். பிரித்த பின்பும் சரிபாருங்கள்.

7. சொற்கள் எங்கே இருக்கின்றன?

நீங்கள் இட்ட சொற்கள் படக் கோப்புக்குள் எழுதப்படுவதில்லை. அவை கணினியிலுள்ள ரிசோல்வ் தரவுத்தளத்தில் இருக்கின்றன. வன்தட்டை மட்டும் இன்னொரு கணினிக்குக் கொண்டுபோனால் படங்கள் வரும், சொற்கள் வரமாட்டா. கணினி பழுதானாலும் அதே கதிதான்.

எனவே ஒவ்வொரு நாளும் வேலை முடிவில் இரண்டு பிரதிகள் எடுக்கிறோம். Project Manager வழியாகத் திட்டத்தை `.drp` கோப்பாக வெளியே எடுப்பது ஒன்று. அதில் படங்கள் இரா, நமது வேலை இருக்கும். File பட்டியலில் Export Metadata From வழியாக `.csv` அட்டவணை எடுப்பது மற்றது. அதை எந்த அட்டவணை மென்பொருளிலும் திறந்து வாசிக்கலாம். பல வருடங்களுக்குப் பின் ரிசோல்வ் இல்லாத ஒருவர் வன்தட்டைத் திறந்தாலும், எந்த அட்டையில் எந்தத் துண்டில் பாட்டு என்று அந்த அட்டவணை சொல்லும். இரண்டு `C0003.MP4` இருந்தாலும் Roll/Card நிரல் அவற்றைப் பிரித்துக் காட்டும். இரு பிரதிகளையும் படங்கள் உள்ள வன்தட்டிலேயே வைக்கிறோம். மேலும் ஒரு பிரதியை வேறிடத்தில் வைக்கிறோம்.

அந்த மகளுக்கு 31ஆம் நாளுக்கு முதல் நாள் மாலை பாட்டைக் கொடுத்தோம். ஒரு நிமிடம் பத்து விநாடி. படத்தில் கப்பி மட்டும் சுழல்கிறது.

குழுவாகச் செய்து பார்க்க

1. உங்கள் கடைசிப் படப்பிடிப்பிலிருந்து பத்துத் துண்டுகளை எடுத்து, முதலில் கண்ணாலும் பிறகு காதாலும் சொல் இடுங்கள். காது மட்டும் கண்டுபிடித்தவை எத்தனை?
2. இருவர் தனித்தனியே ஒரே துண்டுக்குச் சொல் இட்டு ஒப்பிடுங்கள். வேறுபட்ட சொற்களில் எதைப் பட்டியலில் வைப்பது என்று கூடித் தீர்மானியுங்கள்.
3. படப்பிடிப்புக்கு வராத ஒருவரிடம் ஒரு காட்சியைத் தேடச் சொல்லுங்கள். எந்தச் சொல்லை அவர் முதலில் தட்டுகிறார் என்று கவனியுங்கள்.