குளக்கரை மீன்கொத்திகளை இனம் காண்பது எப்படி?

தாமிரபரணிப் பாசனப் பகுதியில் பண்ணைக்குட்டை வெட்டி மீன் விடும் விவசாயிகள் கூறும் முதல் புகார், "நீலக் குருவி குஞ்சுகளையெல்லாம் தின்று தீர்க்கிறது" என்பதாகும். நீலக் குருவி என்று பொதுவாகச் சொன்னால் போதாது. பாபநாசம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றங்கரை, கால்வாய், குளம் ஆகிய இடங்களில் நான்கு வகை மீன்கொத்திகளைக் காணலாம். அவற்றில் மூன்றுக்கு முதுகு நீலமே. எனவே முதுகின் நிறத்தைக் கொண்டு எதையும் தீர்மானிக்க இயலாது. பறவையின் அளவு, அலகின் நிறம், மார்பின் நிறம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஐயம் தீரும்.

அளவைச் செ.மீட்டரில் நினைத்துக்கொண்டு கரையில் நின்றால் பயன் இராது. தெரிந்த பறவையோடு ஒப்பிடுவதே எளிது. சிறு நீல மீன்கொத்தி சிட்டுக்குருவியை விடச் சற்றே பெரியது. அலகையும் சேர்த்து 16 அல்லது 17 செ.மீ. தான் இருக்கும். வெண்மார்பு மீன்கொத்தியும் கருப்பு வெள்ளை மீன்கொத்தியும் மைனாவை விடச் சற்றுப் பெரியவை. நான்காவதான பெரிய அலகு மீன்கொத்தி புறாவை விட நீளமானது, 35 செ.மீ.க்குக் குறையாது.

அடுத்து அலகு. வெண்மார்பு மீன்கொத்திக்கும் பெரிய அலகு மீன்கொத்திக்கும் அலகு நல்ல சிவப்பு. மற்ற இரண்டுக்கும் கருப்பு. இங்கே ஒரு சிக்கல் உண்டு. சிறு நீல மீன்கொத்தியில் ஆணுக்குத்தான் அலகு முழுவதும் கருப்பாக இருக்கும். பெண்ணுக்குக் கீழ் அலகு செம்மஞ்சளாக இருக்கும். கீழிருந்து பார்ப்பவர் அதைச் சிவப்பு அலகு என்று எண்ணி, வெண்மார்பு மீன்கொத்தி எனக் கணக்கில் எழுதிவிடுகிறார். அப்போது அளவு கைகொடுக்கும். சிட்டுக்குருவி அளவுள்ள பறவை வெண்மார்பு மீன்கொத்தியாக இருக்க முடியாது. அதேபோல் கூட்டை விட்டு வெளிவந்து சில வாரங்களே ஆன வெண்மார்புக் குஞ்சின் அலகு பளிச்சென்ற சிவப்பாக இராமல் மங்கிய பழுப்பாகத் தெரியும்.

இனி மார்பு. வெண்மார்பு மீன்கொத்திக்குத் தாடையிலிருந்து நெஞ்சு வரை சட்டையின் முன்பக்கம் போல வெள்ளை இருக்கும். தலையும் வயிறும் காப்பிக்கொட்டை நிறம். கருப்பு வெள்ளை மீன்கொத்திக்கு வெள்ளை மார்பின் குறுக்கே கருப்புப் பட்டை ஓடும். ஆணுக்கு இரண்டு பட்டை, பெண்ணுக்கு நடுவில் அறுந்தாற்போல் ஒரு பட்டை. இதன் உடலில் நீலம் என்பதே கிடையாது. சிறு நீல மீன்கொத்தியின் மார்பு செங்காவி நிறம். பெரிய அலகு மீன்கொத்தியின் மார்பும் வயிறும் மஞ்சள் கலந்த காவி; தலை மங்கிய பழுப்பு. கடைசி இரண்டுக்கும் மார்பு ஏறக்குறைய ஒரே சாயல்தான். ஒன்று மற்றதைப் போல் இரு மடங்கு நீளம் என்பதும், அதன் அலகு பெரிய சிவப்புக் கட்டை போல் இருக்கும் என்பதுமே அவற்றைப் பிரித்துக் காட்டும். தொண்டையை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். சிறு நீல மீன்கொத்திக்கும் தொண்டை வெள்ளைதான். தொண்டைக்குக் கீழே உள்ள நிறமே கணக்கு.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பிசான நடவு முடிந்த சமயம். வயலை ஒட்டி ஒரு பண்ணைக்குட்டை. அதன் மேல் மின்கம்பி. காலையில் கம்பியில் ஒரு பறவை முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறது. முதுகு நீலம். மைனாவை விடச் சற்றுப் பெரிது. ஆகவே சிறு நீல மீன்கொத்தி அன்று. தலையைத் திருப்பும்போது சிவப்பு அலகு தெரிகிறது. ஆகவே கருப்பு வெள்ளையும் அன்று. மிஞ்சியவை இரண்டு. தலை காப்பி நிறமா, மங்கிய பழுப்பா என்று பார்க்க வேண்டும். காப்பி நிறம். அது திரும்பி உட்கார்ந்ததும் வெள்ளை நெஞ்சும் தெரிகிறது. இது வெண்மார்பு மீன்கொத்தி. குட்டை உரிமையாளர் கல்லெறிய வேண்டிய பறவை இதுவன்று.

பெயரில் மீன் இருந்தாலும் இந்தப் பறவைக்கு மீன் ஓர் உப உணவுதான். வெட்டுக்கிளி, வண்டு, தவளை, ஓணான், சில சமயம் சுண்டெலிக் குஞ்சு, எல்லாவற்றுக்கும் மேலாக வயல் நண்டு ஆகியவற்றை இது பிடிக்கிறது. வரப்பில் வளை போட்டுத் தண்ணீரை வடியவிடும் நண்டினால் படும் தொல்லை நெல் விவசாயிக்குத் தெரியும். தண்ணீரே இல்லாத தோட்டத்திலும் தந்திக் கம்பத்திலும் இந்தப் பறவை உட்கார்ந்திருப்பதன் காரணமும் இதுவே.

இதை நம்பாதவர்கள் தாங்களே சோதித்துப் பார்க்கலாம். மீன்கொத்திகள் செரிக்காத பகுதிகளைச் சிறு உருண்டைகளாகக் கக்குகின்றன. பறவை நாள்தோறும் உட்காரும் கம்பத்தின் அடியில் தேடினால் அவை கிடைக்கும். உருண்டையைத் தண்ணீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரிக்க வேண்டும். நண்டு ஓட்டுத் துண்டும் வண்டின் இறகும் வெட்டுக்கிளியின் காலும் இருந்தால் அது வெண்மார்பு மீன்கொத்தியின் வேலை. மீன் முள்ளும் செதிலும் மட்டுமே இருந்தால் மீனையே நம்பி வாழும் மற்ற வகை என்று கொள்ளலாம். மழைக்குப் பிறகு உருண்டை கரைந்துவிடும். ஆகவே வறண்ட நாளில் தேடுவது நல்லது.

உண்மையாகவே மீன் குஞ்சை எடுப்பவை சிறு நீல மீன்கொத்தியும் கருப்பு வெள்ளை மீன்கொத்தியும்தான். முன்னது நாணல் தண்டிலோ மதகுச் சுவரிலோ தாழ உட்கார்ந்து நேராகப் பாயும். பெரும்பாலும் சுண்டு விரல் அளவுக்குட்பட்ட மீனையே எடுக்கும். பின்னது குளத்தின் நடுவே ஒரே இடத்தில் இறக்கை அடித்து நின்று, அங்கிருந்து செங்குத்தாக விழும். எனவே இதற்கு உட்காரக் கம்பு வேண்டியதில்லை. கரையில் உள்ள கம்புகளை அகற்றி இதைத் தடுக்க முடியாது. பெரிய அலகு மீன்கொத்தி சற்றுப் பெரிய மீனையும் எடுக்கும். ஆனால் மரம் அடர்ந்த ஆற்றோரத்தை விட்டு அது அதிகம் வருவதில்லை. பாபநாசம், அம்பாசமுத்திரம் பக்கம் மருத மர நிழலில் காணலாம். வெட்டவெளிக் குட்டையில் காண்பது அரிது.

ஆகவே நாற்றங்கால் குட்டையில் பொடிக் குஞ்சுகள் உள்ள வாரங்களில் மட்டும் மேலே வலையை விறைப்பாக இழுத்துக் கட்டினால் போதும். தொய்வான மெல்லிய நரம்பு வலையில் பறவை சிக்கிச் சாகும். மீன்கொத்திகளைக் கொல்வது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும். 10 செ.மீ.க்கு மேல் வளர்ந்த விரலிகளைப் பெரிய குட்டையில் விடும்போது இவ்விரு பறவைகளால் ஏற்படும் சேதம் வெகுவாகக் குறையும். நெல் வயலிலோ நிலைமை நேர்மாறானது. அங்கே நாமே வரப்பை ஒட்டிக் குச்சி நட்டு வெண்மார்பு மீன்கொத்திக்கு இடம் கொடுக்கலாம்.

2011 முதல் தாமிரபரணிப் படுகைக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. அதில் சேர விரும்பும் இளைஞர்கள் நோட்டில் வெறுமனே "மீன்கொத்தி 3" என்று எழுதாமல், அளவு, அலகு, மார்பு ஆகிய மூன்றையும் பக்கத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். மேற்குக் கரையில் நின்றால் காலை வெயில் எதிரே வந்து எல்லா மார்பும் கருப்பாகத் தெரியும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, காலையில் கிழக்குக் கரையில் நின்று பார்ப்பது நல்லது.