விளம்பரம் கேட்பதெல்லாம் வேண்டுமா?

சென்ற ஆண்டு எங்கள் சீனியர் அண்ணன் ஒருவர், ஒரு நூற்பாலையின் விளம்பரத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்கு வந்தார். அதில் இருந்தது இதுதான்:

"மின் பராமரிப்பு சூப்பர்வைசர் தேவை. டிப்ளமோ அல்லது பி.இ., 5 ஆண்டு அனுபவம், வயது 25க்குள். சூப்பர்வைசர் லைசென்ஸ் அவசியம். பி.எல்.சி., ஸ்காடா, சாப் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை. பணி: 11 கே.வி. யார்டு, பேனல், மோட்டார், இன்வெர்ட்டர் டிரைவ் பராமரிப்பு. மூன்று ஷிப்டு."

"அண்ணே, உங்களுக்கு ரெண்டு வருஷ அனுபவம்தானே? இது நமக்கில்லை"ன்னு நான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "தம்பி, கடைசியிலிருந்து படி" என்றார்.

அதாவது, முதலில் 'பணி' என்ற வரி. தினமும் செய்யப்போகிற வேலை அதில்தான் இருக்கிறது. பிறகு ஒவ்வொரு தகுதியையும் எடுத்து, "இது இல்லாவிட்டால் அதில் எந்த வேலை நிற்கும்?" என்று கேட்க வேண்டும். டிரைவ் தெரியாவிட்டால் மெஷின் நிற்கும். ஆகவே அது கட்டாயம், தகுதி வரியில் இல்லாவிட்டாலும்கூட! சாப் இல்லாவிட்டால் எதுவும் நிற்காது. ஸ்டோரில் உதிரிபாகம் கேட்டுப் பதிவு செய்யத்தான் அது, சேர்ந்தபின் பழகிக்கொள்ளலாம். பணி வரியில் ஸ்காடா பேச்சே இல்லை. 'முன்னுரிமை' என்ற சொல்லும் அதையே சொல்கிறது.

அடுத்து வயதும் அனுபவமும். பி.இ. முடிக்கவே 21, 22 ஆகிவிடும். அதன்மேல் 5 ஆண்டு சேர்த்தால் 25க்குள் எப்படி அடங்கும்? இப்படி இரண்டு நிபந்தனை மோதினால், யாரோ பழைய விளம்பரத்தில் புது ஆசைகளைச் சேர்த்திருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். 5 என்பதை "தனியாக பிரேக்டவுன் பார்க்கத் தெரிந்தவர்" என்றே அண்ணன் படித்தார். தான் சரிசெய்த மூன்று டிரைவ் பழுதுகளைப் பற்றி விண்ணப்பத்தில் எழுதினார். அனுபவம் இரண்டு வருஷம் என்பதை மறைக்கவில்லை.

லைசென்ஸ் கதை வேறு. மின் உரிம வாரியம் தருகிற தகுதிச் சான்றிதழ் அது. மேற்பார்வை வேலைக்கு சட்டம் கேட்பது. மேனேஜரே நினைத்தாலும் விட்டுத்தர முடியாது. அண்ணனிடம் அது இருந்தது. அவரோடு இன்டர்வியூவுக்குப் போன இன்னொருவர் பி.எல்.சி. கோர்ஸ் சர்டிபிகேட் இரண்டு வைத்திருந்தாராம், லைசென்ஸ் இல்லை. பாவம், ஐந்தே நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டார். போவதற்கு முன் ஒரு போன் போட்டு, "லைசென்ஸ் பின்னால் வாங்கித் தரலாமா?" என்று கேட்டிருந்தால் பஸ் காசாவது மிச்சம்.

மூன்று ஷிப்டு என்பதையும் ஆசைப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். அது பேரத்துக்கு வராது.

ஒரு எச்சரிக்கை: இந்தக் கணக்கு தனியார் விளம்பரத்துக்கு மட்டும்தான். அரசு அறிவிக்கையில் வயது, கல்வி, தேதி எதிலும் யாரும் இரக்கம் காட்ட முடியாது. அங்கே விரும்பத்தக்க தகுதி இருந்தால் அதைத் தனியாகவே போட்டிருப்பார்கள்.

அண்ணன் இப்போது அந்த மில்லில்தான் இருக்கிறார். சாப்பை ரெண்டு வாரத்தில் கற்றுக்கொண்டாராம்.