எது போதும்? யார் அளந்தது?

‘போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து’ என்ற பழமொழி நம் பள்ளிச் சுவர்கள் பலவற்றில் இருக்கிறது. காலை வழிபாட்டுக் கூட்டத்திலும் அடிக்கடி சொல்லப்படுகிறது. அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகும் பிள்ளை, மாலையில் அம்மாவின் கைபேசியில் வகுப்புத் தோழியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்க்கிறாள். புதுச் சுடிதார், புது வண்டி, பிறந்தநாள் கேக். காலையில் சொன்ன பழமொழி அந்த நேரத்தில் உதவிக்கு வருவதில்லை. ஏன் வருவதில்லை என்ற கேள்வியிலிருந்துதான் ஒன்பதாம் வகுப்புக்கு நான் நடத்திய இரண்டு பாடவேளைகள் உருவாயின. புதுக்கோட்டை மாவட்டத்தில், அன்னவாசல் பக்கம் தமிழாசிரியராக இருப்பதால் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒரு குன்றையும் பாடத்துக்குள் இழுத்துக்கொள்ள முடிந்தது.

முதலில் நான்கு பழமொழிகளைக் கரும்பலகையில் எழுதினேன். மேலே சொன்ன ‘போதும் என்ற மனமே’ ஒன்று. ‘இக்கரைக்கு அக்கரை பச்சை’, ‘புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டதாம்’, ‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’ ஆகியவை மற்ற மூன்று. “இதையெல்லாம் உங்களிடம் யார் சொல்வார்கள், எப்போது சொல்வார்கள்?” என்று மட்டும் கேட்டேன். பொருள் கேட்கவில்லை. பொருள் கேட்டால் உரைநூல் விடைதான் வரும்.

விடைகள் வேகமாக வந்தன. அக்கரைப் பச்சையைப் பாட்டி சொல்வார். பூனைச் சூட்டை அப்பா, மாமாவைப் பற்றிச் சொல்வார். கடைசிப் பழமொழிக்கு வந்தபோது ஒரு மாணவன் எழுந்து, “அதை எங்களைவிட வசதியானவங்கதான் எங்களைப் பார்த்துச் சொல்லுவாங்க, ஐயா. நாங்க அவங்களைப் பார்த்துச் சொல்ல முடியாது” என்றான். வகுப்பு அமைதியாகிவிட்டது.

அவன் சொன்னது சரி. மனநிறைவைப் பற்றிய மொழிகளில் ஒரு பகுதி, இல்லாதவன் கேட்கக்கூடாது என்பதற்காகப் பயன்பட்டு வந்திருக்கிறது. இதைப் பூசி மெழுகாமல் வகுப்பில் ஒப்புக்கொண்டால்தான் மேலே போக முடியும். திருக்குறளை இந்த இடத்தில் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். பிறர் ஆக்கம் கண்டு பொறாமைப்படுவதையும் பிறர் பொருளை விரும்புவதையும் 17, 18ஆம் அதிகாரங்களில் அடுத்தடுத்து வைத்துக் கண்டிக்கும் வள்ளுவர்தான், 76ஆம் அதிகாரத்தில் பொருளைச் சேர்க்கச் சொல்கிறார். 105ஆம் அதிகாரத்தில் வறுமையைப் போலத் துன்பம் தருவது வறுமையே என்கிறார். பிச்சை எடுத்துத்தான் வாழ வேண்டும் என்றால் உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று கோபப்படுபவரும் அவரே. இல்லாமையைப் பொறுத்துக்கொள் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. ஆகவே ‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’ என்பதை அழித்துவிட்டேன். இந்தப் பாடத்துக்கு அது வேண்டாம் என்பது என் முடிவு.

மிஞ்சிய மூன்றையும் பார்த்தால் ஒரு குறை தெரியும். போதும் என்று நினை என்கின்றன. எவ்வளவு போதும் என்று சொல்வதில்லை. ஒப்பீடு நுழையும் வாசல் இதுதான். அமெரிக்க உளவியலாளர் லியான் பெஸ்டிங்கர் 1954இல் வெளியிட்ட கட்டுரையில் இதை விளக்கினார். தன்னை மதிப்பிட்டுக்கொள்ள மனிதனுக்கு ஓர் அளவுகோல் வேண்டும். நேரடியான அளவுகோல் கிடைக்காதபோது அவன் மற்றவர்களை அளவுகோலாக்கிக்கொள்கிறான். அதிலும் தன்னைப் போன்றவர்களையே தேர்ந்தெடுக்கிறான். நம் பிள்ளைகள் தொழிலதிபரின் மாளிகையைப் பார்த்து ஏங்குவதைவிடப் பக்கத்து பெஞ்சுப் பிள்ளையின் காலணியைப் பார்த்து ஏங்குவது இதனால்தான்.

இந்த ஒப்பீடு புதிதல்ல. ஆனால் ஊரில் ஒருவர் புது வண்டி வாங்கினால் வண்டியும் தெரியும், மாதத் தவணை கேட்டு வாசலில் வந்து நிற்பவரும் தெரியும். ஸ்டேட்டஸில் வண்டி மட்டும் வருகிறது. அதோடு கைபேசி தானே ஓர் அளவையும் கொடுத்துவிடுகிறது: எத்தனை லைக், எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள். “முதல்ல அம்பது லைக் வந்தா சந்தோஷமா இருந்துச்சு. இப்ப நூறு வந்தாலும் கம்மியா தெரியுது” என்றாள் ஒரு மாணவி. கணக்கு ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். “அளக்க அளக்கப் பெரிதாகிற படியை வைத்து என்னத்தை அளப்பது?” என்றார். மறுநாள் வகுப்பில் அதை அப்படியே பயன்படுத்திக்கொண்டேன்.

அளவோடு பேசும் ஒரு மொழி வேண்டும். அது புறநானூற்றில் இருக்கிறது. 189ஆம் பாடல், பாடியவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். கடல் சூழ்ந்த உலகம் முழுவதையும் ஒரே குடையின் கீழ் ஆளும் அரசனையும், நள்ளிரவிலும் நண்பகலிலும் தூங்காமல் விலங்குகளின் பின்னால் ஓடும் கல்லாத வேட்டுவனையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறார். இருவருக்கும் உணவு ஒரு நாழி, உடை இரண்டு என்று எண்ணிக் காட்டுகிறார்.

இங்கே சற்று நிற்க வேண்டும். நாழி என்பது நம் பிள்ளைகளுக்கு வெறும் சொல். வீட்டில் பழைய படி இருப்பவர்கள் கொண்டு வாருங்கள் என்றேன், மூன்று வந்தன. நாழி, படியைப் போன்ற ஒரு முகத்தலளவை. இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி. படியில் அரிசியை நிரப்பித் தலை தட்டிவிட்டு, மேலும் ஒரு பிடி போடச் சொன்னேன். போட்ட பிடி செய்தித்தாளில் சிந்தியது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இந்த ஒரு செயலோடு பாடத்தை முடித்துக்கொள்ளலாம். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாடல் வேண்டியதில்லை, “உனக்கு எத்தனை கரண்டி சோறு போதும்? உன் தம்பிக்கு எத்தனை?” என்று கேட்டால் போதும். இருவருக்கும் வேறு வேறு விடை வரும், இரண்டும் சரி.

நக்கீரனார் அளவோடு நிற்கவில்லை. செல்வத்தின் பயன் கொடுப்பதே என்றும், தானே எல்லாவற்றையும் அனுபவிப்போம் என்று கிளம்பினால் தவறிப்போவன பல என்றும் முடிக்கிறார். உபதேசம் இல்லாதவனை நோக்கி இல்லை, இருப்பவனை நோக்கி இருக்கிறது. முந்தைய நாள் எழுந்து பேசிய மாணவனிடம் இதைக் காட்டினேன். “இது சொல்லலாம், ஐயா” என்றான்.

அடுத்து சித்தன்னவாசல். ஓவியத்துக்காகப் பிள்ளைகளை அழைத்துப் போகிறோம். அதே குன்றின் கிழக்குச் சரிவில் இருக்கும் ஏழடிப்பட்டத்துக்கு எல்லாரும் ஏறுவதில்லை. பாறையில் வெட்டிய ஏழு படிகளால் வந்த பெயர். அங்குள்ள இயற்கைக் குகையில் சமணத் துறவிகளுக்காக வழுவழுப்பாகச் செதுக்கிய 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. தலை வைக்கச் சற்று உயர்த்திய கல்லே தலையணை. அவற்றில் ஒன்றில் தமிழி எழுத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கல்வெட்டு உள்ளது. ஒருவர் படுக்க எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு.

பிள்ளைகளிடம் நான் சொன்னது துறவிகளைப் பற்றியதைவிட அவர்களை ஆதரித்த இல்லறத்தாரைப் பற்றியதுதான். சமண நெறியில் துறவி எல்லாவற்றையும் விடுகிறார். இல்லறத்தாருக்கு அப்படி இல்லை. நிலம், வீடு, பொன், தானியம், கால்நடை, உடை என்று ஒவ்வொன்றுக்கும் இவ்வளவுக்கு மேல் வேண்டாம் என்று அவரே ஓர் எல்லை வகுத்துக்கொள்வது அவர் ஏற்கும் ஐந்து விரதங்களில் ஒன்று. அளவை ஊரார் சொல்வதில்லை, பக்கத்து வீட்டைப் பார்த்தும் வைப்பதில்லை. பார்ப்பதற்கு முன்பே வைத்துவிடுவது இதன் சூட்சுமம்.

இதையே எழுத்துப் பயிற்சியாக்கினேன். ஒவ்வொருவரும் தமக்கு அடிக்கடி ஏக்கம் தரும் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் ‘எனக்கு இவ்வளவு போதும்’ என்று எண்ணோடும் காரணத்தோடும் எழுத வேண்டும். மறுபக்கம் ‘எனக்கு இது போதாது’ என்று எழுத வேண்டும். வகுப்பில் வாசிக்கத் தேவையில்லை. ஆசிரியர் பார்க்கலாமா என்பதையும் அவரவரே மூலையில் குறிக்கலாம்.

இந்தப் பயிற்சி கெட்டுப்போகும் விதம் ஒன்று உண்டு. பிள்ளைகள் நமக்குப் பிடித்த விடையை எழுதுவார்கள். ‘நான் ஆடம்பரப் பொருள்களை விரும்ப மாட்டேன்’ என்று எண்ணும் காரணமும் இல்லாமல் வந்தால் அது கட்டுரை நோட்டிலிருந்து வந்தது. ‘தீபாவளிக்கு ஒரு டிரெஸ் போதும், ஆனா கடையில நான்தான் எடுப்பேன்’ என்று வந்தால் அது அந்தப் பிள்ளையினுடையது. முதல் வகைத் தாள்களைத் திருத்தாமல் திருப்பிக் கொடுத்து, “எத்தனை?” என்று மட்டும் கேட்டேன்.

‘போதாது’ பக்கத்தைத்தான் நான் அதிக நேரம் படித்தேன். ஒரு மாணவி, தன்னிடம் நல்ல சீருடை ஒன்றுதான் இருக்கிறது, இரவில் துவைத்தால் மழைக்காலத்தில் காய்வதில்லை, இரண்டு இருந்தால் போதும் என்று எழுதியிருந்தாள். நக்கீரனார் எண்ணிய அதே இரண்டு. இதற்குப் பழமொழி சொல்லக்கூடாது. துணி வாங்க வேண்டும். அலுவலக அறையில் பேசி இரண்டு நாளில் வாங்கிவிட்டோம். கொடுக்கும்போது படம் எடுத்து ஆசிரியர் குழுவில் போடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். ஸ்டேட்டஸ் ஒப்பீட்டைப் பற்றி நடத்திய பாடத்தின் முடிவில் அந்தப் பிள்ளையின் படம் ஸ்டேட்டஸாவதை நான் விரும்பவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் தாள்களைத் திரும்பக் கொடுத்து, அளவை மாற்ற வேண்டியவர்கள் மாற்றலாம் என்றேன். சிலர் எண்ணைக் கூட்டினார்கள், காரணத்தோடு. லைக் எண்ணிக்கை பற்றிச் சொன்ன மாணவி தன் தாளில் ‘30’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ‘என் பிரெண்ட்ஸ் நாலு பேர் பார்த்தா போதும்’ என்று எழுதி, அந்த நான்கு பெயர்களையும் கீழே வரிசையாகப் போட்டிருந்தாள்.