கோச்சிங் விளம்பரம் பொய்த்தால், கட்டிய பணத்தைக் கேட்டு மனு எழுத 7 குறிப்புகள்

மகளை 10 மாத நீட் வகுப்பில் சேர்க்கிறார் ஒரு தாய். ஜி.எஸ்.டி. உட்பட 1,41,600 ரூபாயை ஒரே தவணையாகக் கட்டுகிறார். ‘ஒரு வகுப்பில் 40 பேர் மட்டுமே, வாரந்தோறும் சந்தேக வகுப்பு’ என்றது நோட்டீஸ். உள்ளே 110 பேர். சந்தேக வகுப்பு ஒருநாளும் நடக்கவில்லை. 2 மாதத்தில் பிள்ளையை நிறுத்திவிட்டுப் பணத்தைக் கேட்டால், ‘தர முடியாது’ என்கிறார்கள். இப்படி ஒரு நிலை வந்தால் நுகர்வோர் ஆணையத்துக்கு எப்படி எழுதுவது?

1. முதலில் விளம்பரத்தைப் பத்திரப்படுத்துங்கள். புகார் போகிறது என்று தெரிந்தால் இணையதள வாசகம் மாறிவிடும். நோட்டீஸ், நாளிதழ்ப் பக்கம், வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றைத் தேதி தெரியும்படி எடுத்து வையுங்கள். கட்டண ரசீதும் சேர்க்கைப் படிவமும் கூடவே இருக்கட்டும். போனில் உள்ள பதிவுகளைச் சான்றாக வைக்க, பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும்.

2. மதிப்பெண் குறைந்ததைப் புகாராக எழுதாதீர்கள். அதற்குப் பிள்ளையின் உழைப்பு உட்படப் பல காரணங்களைச் சொல்லி அவர்கள் நழுவிவிடலாம். ‘சொன்னது 40, இருந்தது 110’ என்பதை அப்படி மறுக்க முடியாது. ‘எங்கள் மாணவர்’ என்று படம் போட்டிருந்தால், அவர் எந்தப் படிப்பில் சேர்ந்தார், எத்தனை மாதம் படித்தார் என்பது விளம்பரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அது இல்லையென்றால் அதையும் மனுவில் சேருங்கள்.

3. கேட்கும் தொகைக்குக் கணக்குக் காட்டுங்கள். 1,41,600-ஐ 10 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 14,160. படித்த 2 மாதத்துக்கு 28,320 போக மீதி 1,13,280. விளம்பரத்தை நம்பியே சேர்ந்ததால் முழுத் தொகையையும், அது இல்லாவிட்டால் இந்த மீதியையாவது தர வேண்டும் என்று இரண்டு படியாகக் கேளுங்கள். வட்டி, மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றைத் தனித்தனி வரியில் எழுதுங்கள்.

4. ஆணையத்துக்குப் போகுமுன் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். எந்தத் தேதியில் பிள்ளையை நிறுத்தினீர்கள், எவ்வளவு தர வேண்டும் என்று எழுதி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். ஒப்புகையுடன் தபாலில் அனுப்பி, மின்னஞ்சலிலும் போடுங்கள். வாய்ப்பேச்சோடு நின்றால், பிள்ளை தானாக வராமல் போனாள் என்று அவர்கள் வாதிட இடம் கிடைத்துவிடும்.

5. நிறுவனத்தின் தலைமையகம் வெளிமாநிலத்தில் இருந்தாலும் கவலை வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. e-jagriti.gov.in தளம் வழியாகவும் பதியலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். பிள்ளை 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் பாதுகாவலராகக் கையெழுத்திடலாம்.

6. மனுவைத் தேதி வரிசையில், பத்திக்கு ஒரு செய்தியாக எழுதுங்கள். நடுப்பகுதி இப்படி இருக்கலாம்: ‘ஒரு வகுப்பில் 40 பேர் மட்டுமே என்ற விளம்பரத்தை (இணைப்பு 1) நம்பி ரூ.1,41,600 செலுத்தினேன் (இணைப்பு 2). வகுப்பில் 110 பேர் இருந்தனர் (இணைப்பு 3). சந்தேக வகுப்பு ஒருமுறைகூட நடத்தப்படவில்லை. இது சேவைக் குறைபாடும் நேர்மையற்ற வணிக நடைமுறையும் ஆகும்.’ ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்திலேயே இணைப்பு எண் வரட்டும். மனுவில் உள்ளவை உண்மை என்று பிரமாணப் பத்திரமும் வேண்டும்.

7. வரப்போகும் பதிலை எதிர்பார்த்தே எழுதுங்கள். ‘கட்டணம் திருப்பித் தரப்படாது என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே’ என்பார்கள். அந்த வரியை மீறிப் பணத்தைத் திருப்பித் தரச் சொன்ன நுகர்வோர் ஆணைய உத்தரவுகள் பல உண்டு. ஆனால் அதை ‘நேர்மையற்ற ஒப்பந்தம்’ என்ற தலைப்பில் எழுதினால், அந்த வகை வழக்கை விசாரிக்கும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. சேவைக் குறைபாடு என்ற தலைப்பிலேயே நில்லுங்கள். ‘கல்வி நிறுவனம் இந்தச் சட்டத்தில் வராது’ என்றும் சொல்லக்கூடும். கோச்சிங் மையங்கள் கல்வி நிறுவனம் என்ற வரையறைக்குள் அடங்கா என்று 2020 ஜனவரியில் மனு சோலங்கி வழக்கில் தேசிய ஆணையம் கூறியிருக்கிறது. அதை மனுவிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.

மனு போடுமுன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். சில நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே பேச வரும். அப்படி வந்தால் தொகையையும் தேதியையும் எழுத்தில் வாங்குங்கள். பணம் கணக்கில் ஏறும்வரை ‘புகார் முடிந்தது’ என்று ஒப்புதல் கொடுக்காதீர்கள்.