ஆடிட் சீசனில் குழுவுக்கு என்ன எழுதலாம்?

வரித் தணிக்கை அறிக்கைக்கு வழக்கமான கடைசி நாள் செப்டம்பர் 30. ஆடிட்டர் அலுவலகத்தில் குழுவை நடத்துபவர் காலையில் அனுப்பும் செய்தி இப்படி இருக்கட்டும்.

1. நிலவரத்தை எண்ணிக்கையோடு சொல்லுங்கள். “42 ஃபைலில் 27 முடிந்தது, 15 பாக்கி.” மீதி எவ்வளவு என்று தெரிந்தால் மலைப்பு குறையும்.

2. பாக்கியைப் பிரித்துக் காட்டுங்கள். “6 ஃபைலுக்கு பேங்க் ஸ்டேட்மென்ட் வரவில்லை; கிளையன்ட்டுகளிடம் நான் பேசுகிறேன். மற்ற 9-ஐ நீங்கள் பாருங்கள்.” தங்கள் கையில் இல்லாத தாமதத்துக்கு ஊழியர்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

3. பாராட்டைக் குறிப்பாக எழுதுங்கள். “நேற்று ஸ்டாக் கணக்கில் இருந்த வித்தியாசத்தை மீனா கவனித்ததால், கையெழுத்துக்கு முன்பே திருத்த முடிந்தது.” “எல்லாரும் கலக்குறீங்க” என்பது யார் மனதிலும் ஒட்டாது.

4. “தேதியைத் தள்ளி வைப்பார்கள்” என்று ஆறுதல் சொல்லாதீர்கள். அறிவிப்பு வராவிட்டால் உங்கள் அடுத்த செய்தியை யாரும் நம்பமாட்டார்கள்.

5. ஓய்வுக்கு நேரம் குறியுங்கள். “இன்று இரவு 8 மணிக்கு எல்லாரும் கிளம்பிவிடலாம்.” களைத்த கண்ணுக்குத்தான் ஒரு பூஜ்யம் கூடுவதும் குறைவதும் தெரியாமல் போகும்.

6. அனுமதி வாங்கிய விடுப்பை மட்டும் அறிவியுங்கள். கொடுக்க முடியாத விடுப்பு, கொடுக்காததைவிட அதிகம் வலிக்கும்.