புத்தக அலமாரிப் பலகை ஏன் தொய்யுது?

வில்லியனூர், பாகூர் பக்கம் பழைய வீடுகளில் சுவரில் மாடம் விட்டு, அதில் கடப்பா கல்லைப் பதித்து வைத்திருப்பாங்க. அதன் மேல் எவ்வளவு ரெக்கார்ட் நோட்டை அடுக்கினாலும் கல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தொய்யாது. உள்ளே விரிசல் இருந்தாலோ, பாரம் ஓவரானாலோ ஒரே நாளில் உடையும், அவ்வளவுதான். மரப் பலகை அப்படி இல்லை. உடைவதற்கு ரொம்ப நாள் முன்னாடியே தொய்ய ஆரம்பிக்கும், வருஷக் கணக்கில் தொய்ந்துகொண்டே இருக்கும்.

முதலில் பாரம். நம்ம இன்ஜினியரிங் புத்தகங்கள் சுமார் 25 செ.மீ. உயரம், 20 செ.மீ. ஆழம். இடைவெளி இல்லாமல் ஒரு மீட்டர் நீளத்துக்கு அடுக்கினால் கிட்டத்தட்ட 40 கிலோ வரும். கதைப் புத்தகம் என்றால் இதில் பாதிகூட வராது. அதனால் "புக் ஷெல்ஃப்" என்று விற்பதெல்லாம் நமக்குச் சரிப்படும் என்று நம்பிடாதீங்க.

ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் படித்த அதே ஃபார்முலாதான், இரண்டு முனையிலும் சும்மா உட்கார்ந்திருக்கும் பலகைக்கு:

```
δ = 5wL⁴ / (384EI),   I = bt³/12
```

3 அடி (900 மி.மீ.) நீளம், 250 மி.மீ. அகலம், 18 மி.மீ. தடிமன் என்று எடுத்துப்போம். w = 0.4 N/mm. பார்ட்டிகிள் போர்டுக்கு E சுமார் 2500 N/mm². புத்தகம் வைத்த அன்றைக்கே நடுவில் 11 மி.மீ. இறங்கும். ப்ளைவுட் (E சுமார் 6000) 4.7 மி.மீ. தேக்கு (சுமார் 10000) 2.8 மி.மீ. நீளத்தில் 300-ல் ஒரு பங்கைத் தாண்டினால் கண்ணில் உறுத்தும் என்பது என் கணக்கு. 3 அடிக்கு அது 3 மி.மீ. தேக்கு மட்டும்தான் தப்பிக்குது, அதுவும் முதல் நாளில்.

ஏன்னா இதுக்கப்புறம்தான் க்ரீப் வருது. பாரம் ஏறாமலே, இருக்கிற பாரத்திலேயே பலகை மெல்ல இறங்கிக்கொண்டே போகும். ஐரோப்பிய மரக்கட்டுமான விதியான யூரோகோட் 5, காய்ந்த உட்புற இடத்தில் நிரந்தர பாரத்துக்கு, முதல் நாள் தொய்வோடு இன்னும் எவ்வளவு கூட்டணும் என்று சொல்லுது: மரத்துக்கு 0.6 மடங்கு, ப்ளைவுட்டுக்கு 0.8, பார்ட்டிகிள் போர்டுக்கு 2.25. அப்படிப் பார்த்தால் தேக்கு 4.5 மி.மீ., ப்ளைவுட் 8.4, பார்ட்டிகிள் போர்டு 36 மி.மீ.! அதுக்கு முன்னாடியே முனை ஆணியை விட்டுப் பலகை நழுவிடும். நம்ம ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரம் குடித்து ஊதும், அக்னி நட்சத்திரத்தில் காயும். பாரம் இருக்கும்போதே இப்படி ஈரம் ஏறி இறங்கினால் க்ரீப் இன்னும் கூடும்.

சரி, என்ன பண்ணலாம்? L-க்கு நாலடுக்கு, t-க்கு மூணடுக்கு. 3 அடியை 2 அடியாகக் குறைத்தால் தொய்வு ஐந்தில் ஒரு பங்காகிடும். ப்ளைவுட் முதல் நாள் 0.9, வருஷங்கள் போனபின் 1.7 மி.மீ. தாராளமாகப் போதும். அதே 3 அடியில் 18-ஐ 25 மி.மீ. ஆக்கினால் முதல் நாள் 1.75, பின்னாடி 3.2 மி.மீ.; அப்பவும் எல்லைக்கு வெளியேதான். காசும் கூட. அதனால் நடுவில் ஒரு நெட்டுப் பலகை வைப்பதுதான் மலிவு.

நடுவில் தடுப்பு வேண்டாம் என்றால், முன்விளிம்புக்குக் கீழே 20 மி.மீ. அகலம், 40 மி.மீ. உயரத்தில் தேக்கு ரீப்பரை நிறுத்திப் பசையும் ஸ்க்ரூவும் போடச் சொல்லுங்க. படுக்க வைத்தால் பிரயோஜனம் கம்மி. நிறுத்தி வைத்த ரீப்பரின் EI மட்டுமே ப்ளைவுட் பலகையுடையதைவிட ஒன்றரை மடங்கு. பின்விளிம்பை முதுகுப் பலகையோடு நாலைந்து ஸ்க்ரூவில் பிடித்துவிட்டால் அந்தப் பக்கம் இறங்காது.

கடைக்குப் போகும்போது ஒன்று கவனிக்கணும். 8க்கு 4 ப்ளைவுட் ஷீட்டில் மேல் நார் வழக்கமாக 8 அடி பக்கம் ஓடும். மிச்சம் பிடிக்க 4 அடி பக்கமாக வெட்டிக் கொடுத்தால் நார் குறுக்கே போயிடும், விறைப்பு ரொம்பக் குறையும். பலகையின் நீளத்தோடு நார் ஓடுதா என்று பார்த்துட்டு வாங்குங்க.

வீட்டில் இருக்கும் அலமாரியைச் சோதிக்க ஒரு நூல் போதும். முன்விளிம்பில் இரு முனைக்கும் இழுத்துப் பிடித்து நடுவில் இடைவெளியை அளங்க. புத்தகங்களை இறக்கிட்டு மறுபடி அளங்க. உடனே திரும்பி வந்தது எலாஸ்டிக் தொய்வு. திரும்பாமல் நின்றது பெரும்பாலும் க்ரீப். நின்றது அதிகம் என்றால் பலகையைக் கவிழ்த்துப் போடலாம், ப்ளைவுட்டும் மரமும் கொஞ்ச வருஷம் தாங்கும். பார்ட்டிகிள் போர்டில் ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றி ஊதியிருந்தால் கவிழ்க்கவே வேண்டாம், மாத்திடுங்க.